இடம்: உறுதியில்லை

என் அத்தானுக்குச் சந்தேகம் என்ற ஒன்று எந்த விஷயத்திலும் வந்ததில்லை. மழை வராது என்று சொல்லிவிட்டால், நனைந்துகொண்டே சொல்வார். படகுத்துறைத் தெருவில் சலூன் வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அக்காவுக்கு இது பழகிவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை, ஏனென்றால் என் பிழைப்பே சந்தேகப்படுவதுதான்.

நான் ஆவணக் காப்பகத்தில் புகைப்படப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாரோ வீடு காலி செய்யும்போது கொண்டுவந்து கொட்டுகிற பழைய படங்களைத் தூசி தட்டி, எண் போட்டு, இது என்ன, எங்கே, எப்போது என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் பாதி எளிதுதான்.

அந்த வாரம் நூலகக் கூடத்தில் பழைய நகரப் படங்களின் கண்காட்சி. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பெட்டியிலிருந்து வந்த படம் ஒன்றை, அதன் பின்புற முத்திரையோடு, அறிவிப்பில் போட்டு, இடம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டிருந்தோம். சரிவாக இறங்கும் ஒரு தெரு. முன்னால் ஒரு சலூன். வாசலில் நாற்காலி போட்டு ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு மெலிந்த மனிதர். முகத்தில் பாதி நிழல். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் ஓர் ஆள், சுவரில் சாய்த்த சைக்கிள். பெயர்ப்பலகை படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. எங்கள் துறையில் பெயர்ப்பலகைகள் எப்போதும் விளிம்புக்கு வெளியேதான் இருக்கும்.

அக்காவின் கைபேசியில் அதைப் பார்த்த அத்தான், அது தன் அப்பா, அது தன் தெரு, அது தன் கடை என்று ஒரே மூச்சில் மூன்று தீர்ப்பு சொல்லிவிட்டார். மறுநாளே முடி வெட்ட வந்தவர்கள் எல்லோருக்கும் கண்காட்சிக்கு அழைப்பும் கொடுத்துவிட்டார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் வர மாட்டேன் என்பார்கள்?

சிரிப்புக்கு நடுவே ஒன்று எனக்கு உறுத்தியது. அத்தானிடம் அவருடைய அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் ஸ்டுடியோ வாசல் ஏறியவர்கள் இல்லை. இந்தப் படம் அவருக்கு வெறும் பெருமை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

எங்கள் மேலதிகாரியை நாங்கள் 'ஒருவேளை மேடம்' என்று அழைப்போம். அவருக்கும் அது தெரியும், ஒருவேளை பிடித்தும் இருக்கலாம். படக்குறிப்பு எழுத அவர் வைத்திருக்கும் முறை இது: கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுது. அதிலிருந்து என்ன நினைக்கிறாய், எதை வைத்து நினைக்கிறாய் என்று அடுத்து எழுது. எதிராக இருப்பதையும் எழுது. யாராவது அடையாளம் சொன்னால், யார் சொன்னார்கள், எந்த ஆதாரத்தில் சொன்னார்கள் என்று கேட்டு எழுது. அத்தான் என்பதற்காக விலக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நோட்டும் பேனாவுமாகச் சலூனுக்குப் போனேன். அப்போதுதான் ஒருவர் எழுந்து போயிருந்தார். நாற்காலி காலி. நானே அதில் உட்கார்ந்துகொண்டேன்.

தெருவைப் பற்றி முதலில் கேட்டேன். படத்தின் பின்னால் முத்திரையே இருக்கிறதே, படகுத்துறைத் தெரு என்று, அப்புறம் என்ன ஆராய்ச்சி என்றார். அது படத்தை அச்சுப்போட்ட ஸ்டுடியோவின் முகவரி என்றேன். சட்டையின் காலரில் தையல்கடை பெயர் இருந்தால், சட்டைக்காரர் அந்தக் கடையிலேயே குடியிருக்கிறார் என்று அர்த்தமா? அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, விளக்குக் கம்பத்தைப் பார் என்றார். அதே கம்பம் ஆலைத் தெருவிலும் உண்டு. பால்கனிக் கம்பிகளும் அப்படியே. இரண்டு தெருக்களும் ஒரே காலத்தில், ஒரே ஒப்பந்தக்காரர் கட்டியவை. இரண்டும் ஆற்றை நோக்கித்தான் சரிகின்றன.

வளைவு ஒன்றுதான் வித்தியாசம். சரிவில் இறங்கும்போது படகுத்துறைத் தெரு இடப்பக்கம் வளையும், ஆலைத் தெரு வலப்பக்கம் வளையும். படத்தில் தெரு இடப்பக்கம்தான் வளைந்தது. அதைச் சொன்னதும் அத்தான் கண்ணாடியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அவர் கட்சிக்கு அது நல்ல சாட்சிதான், நானும் மறுக்கவில்லை.

பிறகு அடுத்த கேள்வி. வழக்கமாகக் கேட்பதுதான், வாரத்தில் நாலு பேரிடமாவது கேட்பேன்.

"அது உங்க அப்பான்னு எதை வெச்சு சொல்றீங்க, அத்தான்?"

அவர் சீப்பை எடுத்துத் துடைத்தார், வைத்தார், அதே சீப்பை மறுபடி எடுத்தார்.

"நம்ம தெருவுல சலூன்னா நம்ம கடைதானே. நம்ம கடைன்னா அப்பாதானே."

"அப்பாங்கறதால நம்ம தெருன்னு அக்காகிட்ட சொன்னீங்களாமே?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

இரண்டும் ஒன்றில்லை. ஒன்றையொன்று தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு பேர், தரையில் யாருக்கும் கால் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"முகம் எனக்கு ஞாபகம் இல்லம்மா. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன், வரல. கை மட்டும் ஞாபகம் இருக்கு. அவர் இடது கைக்காரர். எனக்கு முடி வெட்டும்போது முழங்கை எப்பவும் இந்தக் காதுல இடிக்கும்."

சொல்லிவிட்டு என் நோட்டைப் பார்த்தார். படத்தில் அந்த மனிதரின் கத்தரிக்கோல் வலது கையில் இருந்தது. அவர் அதை முதல் நாளே கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டுத்தான் ஊரையே அழைத்திருக்கிறார்.

"அதை மட்டும் எழுதிடாதே."

எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். எதிரானதை விட்டுவிட்டுச் சாதகமானதை மட்டும் எழுதினால், அது குறிப்பு இல்லை, விளம்பரம். அத்தான் அடுத்த ஆளுக்குப் போர்த்தும் துணியை எடுத்து உதறத் தொடங்கிவிட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் பேனாவை மறந்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். சொந்தத்துக்குள் சந்தேகப்பட என்னை யார் அழைத்தார்கள்? சாயங்காலம் அக்கா போன் செய்து, என்னடி சொன்னே, மனுஷன் இட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார், எனக்கே பயமாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலையில் மேசையில் உட்கார்ந்து வேறு பேனாவால் குறிப்பை எழுத ஆரம்பித்தேன். முதலில் கண்ணுக்குத் தெரிவது. சலூன் வாசல். நாற்காலி. முடிவெட்டுபவர், கத்தரிக்கோல் வலது கையில். சுவரில் சாய்த்த சைக்கிள், முன்சக்கரம் நமக்கு இடப்பக்கம், சங்கிலி நம்மைப் பார்த்து.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. சைக்கிளுக்குச் சங்கிலி வலப்பக்கம் இருக்கும். சங்கிலி நம்மைப் பார்த்து இருந்தால், முன்சக்கரம் நமக்கு வலப்பக்கம்தான் இருக்க முடியும். எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே நிறுத்தியிருந்த சைக்கிள்களை எல்லாம் ஒருமுறை பார்த்தேன். வாயிற்காவலர், எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். கிடைத்திருக்கிறது என்றேன்.

ஒரு சைக்கிளை நம்பி ஊரைத் திருப்ப முடியாது. திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். வேடிக்கை பார்க்கும் ஆளின் சட்டைப்பை அவருடைய வலது மார்பில் இருந்தது. சட்டைப்பை வழக்கமாக இடது மார்பில்தானே இருக்கும். ஸ்டுடியோவில் அச்சுப்போடும்போது யாரோ நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயர்ப்பலகை, ஓர் எழுத்து உள்ளே வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படம் முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறியிருக்கிறது.

படத்தின் நகலைத் திரையில் இடவலம் மாற்றினேன். தெரு வலப்பக்கம் வளைந்தது. போச்சு, அத்தானின் தெரு போச்சு, ஆலைத் தெருக்காரர்கள் இனி அவரைச் சும்மா விடமாட்டார்கள். அப்புறம்தான் நாற்காலிக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தேன். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கண்ணும் கலங்கிவிட்டது. ஒருவேளை மேடம் வந்து பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார், சட்டைப்பையைப் பார்த்தார், இடது கைக்காரர்கள் ஊரில் ஒருவர்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுது என்றார்.

கண்காட்சியில் அசல் பிரதியை அப்படியே மாட்டினோம். பக்கத்தில் திருத்திய நகல், திருத்தியது என்று சொல்லி. கீழே என் குறிப்பு:

'சலூன் வாசல். இடம்: உறுதியில்லை, ஆலைத் தெருவாக இருக்கலாம். மூலப் பிரதி இடவலம் மாறி அச்சானதாகத் தெரிகிறது. சைக்கிள் சங்கிலியும் ஒருவரின் சட்டைப்பையும் வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் உள்ளன. திருத்திப் பார்த்தால், சரிவில் இறங்கும் தெரு வலப்பக்கம் வளைகிறது. பழைய நில அளவை வரைபடத்தில் ஆலைத் தெருவின் வளைவும் அப்படியே. வேறு தெருவாக இருக்கவும் இடமுண்டு. பின்புற முத்திரை ஸ்டுடியோவின் முகவரி மட்டுமே. படம் எடுத்த இடத்துக்குச் சான்று ஆகாது. முடிவெட்டுபவர் தம் தந்தை என்கிறார் படகுத்துறைத் தெரு சலூன்காரர்; தந்தை இடது கைப் பழக்கமுள்ளவர் என்பது அவர் நினைவு. வேறு சான்று கிடைக்கவில்லை. காலம் தெரியவில்லை.'

திறப்புக்கு முன்பே அத்தானை வரச் சொல்லியிருந்தேன். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துவராத குறையாக அழைத்துவந்தாள். குறிப்பின் முதல் வரியிலேயே அவர் முகம் கடுகடுத்தது.

"ஆலைத் தெருவா? அங்க எங்கப்பாவுக்கு என்ன வேலை?"

எனக்குத் தெரியாது என்றேன். சொந்தக் கடை வைக்கும் முன் அங்கே வேலை பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். திருத்திய நகலைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தார். தெருவைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், ஆலைத் தெருவைத் திட்ட வாயெடுத்தார். பிறகு கையைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை. அவர் கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு முந்தானை தேவைப்பட்டது, நான் சுடிதாரில் இருந்தேன்.

வெளியே அவருடைய வாடிக்கையாளர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். தெரு விஷயத்தில் அவரைக் கிண்டலடிக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குறிப்பை மாற்றச் சொல்லித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்து, மறுப்பதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் மறுபடி முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார். தன்னைப் பற்றிய வரியில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு விட்டுட்டே. அப்போ எனக்கு ஆறு வயசு. அதையும் போடு. சொன்னது ஆறு வயசுப் பையன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்ல?"