வாபஸ் வாங்கிய மூன்று நாள் லீவு

யாருக்கும் பயப்படாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற பாலைக் குளிரவைத்து டேங்கரில் மதுரைக்கு அனுப்புகிற எங்கள் சில்லிங் சென்டரில் ஆறு வருடமாக லேபில் நிற்கிறேன். தண்ணீர் கலந்த கேனை எவன் கொண்டுவந்தாலும், அவன் யாருக்குச் சொந்தம் என்று பார்க்காமல் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவள் மூன்று நாள் லீவு கேட்கப் பயந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் பயந்தேன். அதுதான் உண்மை.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. இடது கண் ஏற்கெனவே மங்கல். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மார்ச் இருபத்துநாலு திங்கட்கிழமை சேரச் சொல்லி, செவ்வாய் ஆப்பரேஷன், புதன் வீட்டுக்கு என்று தேதி கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் புளியங்குடி எலுமிச்சை லோடோடு கேரளா போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு நான் ஒருத்திதான். ஆக, நான்தான் போக வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி எனக்கு அப்ரைசல், வருட வேலைக்கு மார்க் முடிவாகிற நாள்.

எங்கள் கம்பெனியில் ஐந்துக்கு மதிப்பெண். போன வருடம் எனக்கு நாலு. தொடர்ந்து இரண்டாவது வருடமும் நாலு வாங்கினால் லேப் இன்சார்ஜ் ஆகலாம். ஆறு வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடிவந்ததற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். செல்ஃப் அப்ரைசல் படிவத்தை நான் மார்ச் முதல் வாரமே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கோமதிநாயகம் சார் அதைப் படித்து, தன் மதிப்பெண்ணையும் குறிப்பையும் போட்டு மதுரை ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எப்போது அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பதினேழாம் தேதி ஃபோனில் கம்பெனி ஆப்பைத் திறந்து மூன்று நாள் லீவுக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் அம்மாவின் கண் ஆப்பரேஷன் என்று தெளிவாகப் போட்டேன். ஒன்பது நாள் லீவு பாக்கி இருந்தது. எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கம்ப்ரசர் ஓட்டுகிற துரைப்பாண்டி அண்ணாச்சியிடம் வாயைக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"ஏ யோகா, அப்ரைசலுக்குப் பத்து நாள் இருக்கையிலயா லீவு போடுத?" என்றார். "போன வருசம் மார்ச்சுல நாலு நாள் நான் வரல. என்ன ஆச்சு? ரெண்டு போட்டுட்டாரு. கடைசில எது கண்ணுல படுதோ அதுதான் அவுக மனசுல நிக்கும். பாத்துக்கோ."

பாதிச் சோற்றோடு எழுந்தேன். கை கழுவப் போகிற வழியிலேயே ஃபோனை எடுத்தேன். சார் இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கீழே 'வாபஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கிவிட்டேன்.

சாயங்காலம் சார் ஃபோன் செய்தார். "என்னம்மா, லீவு கேட்ட மாதிரியும் இருக்கு, வாபஸ் வாங்கின மாதிரியும் இருக்கு. நான் இளையரசனேந்தல்ல இருந்தேன், டவர் கிடைக்கல. அம்மாவுக்கு என்ன?"

"ஆப்பரேஷன் தள்ளிப் போயிட்டு சார்."

எவ்வளவு சுத்தமாகப் பொய் வந்தது தெரியுமா? எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. அவர், "சரி, தேதி சொன்னா மறுபடியும் போடு" என்று வைத்துவிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மதியம் ஷிஃப்டுக்கு என் மாற்றாள் பாஜிலா. பையப் பேசுகிற பிள்ளை, சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நான் காலை, அவள் மதியம். எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு அவசரம் என்றால் மற்றவள் வந்து நின்றுகொள்வாள், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்தையும் இவளே போட்டுவிடுவாள். பால் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்போது யார் யாரைக் கேட்பது? எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஆனால் மூன்று முழு நாள் அப்படி யாரும் செய்ததில்லை.

"மார்ச் கடைசில சார் காலையில கலெக்ஷன் சென்டருக்குத்தான் போவாரு. மத்தியானம் வரும்போது என் ஷிஃப்டு முடிஞ்சிருக்கும். மூணு நாள் மட்டும் பாத்துக்கோ பாஜிலா. என் பேர்ல போட்டுரு."

அவள் முகம் சுருங்கியது. "அக்கா, ரெண்டு ஷிஃப்டும் நானா?"

"நான் உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தலையை ஆட்டினாள். சொல்லிக்காட்டி வேலை வாங்கினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லீவு குடுத்துட்டாகளா? உன் சாரு நல்லவுகதான்" என்றாள். ஆமாம் என்றேன். ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஃபோன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் சார் பெயரா என்று பார்த்தேன். அம்மாவின் கண்ணைவிட அந்த ரிஜிஸ்டரைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனேன். பாஜிலா தன் ஷிஃப்டுக்கு முன்னாலேயே வந்து, லேப் கதவை ஒட்டி நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை டேங்கரை மதுரையில திருப்பி அனுப்பிட்டாங்க. பால் புளிச்சிருந்துச்சாம்."

"டெஸ்ட் பண்ணலியா?"

"காலையில அஞ்சரைக்கு வந்தவ அக்கா, முந்தின ராத்திரி போகையில பத்து மணி. தலை சுத்திட்டு. கேன் எல்லாம் டெஸ்ட் பண்ணினேன். டேங்கர் புறப்படும்போது மட்டும் புளிப்பு பாக்கல. திங்கக்கிழமை எழுதினதையே எழுதிட்டேன். உங்க பேர்ல."

அவளைத் திட்ட வாய் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவளை அங்கே நிறுத்தியது யார்?

மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் டெஸ்ட் ரிஜிஸ்டர் விரித்திருந்தது. செவ்வாய், டேங்கர், புளிப்பு சரி, கையெழுத்து யோகலட்சுமி. என் கையெழுத்து அவ்வளவு வட்டமாக இருக்காது.

"உக்காரும்மா," என்றார். "மதுரையில இருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கு. நீ டெஸ்ட் பண்ணினேன்னு எழுதியிருந்தா பண்ணியிருப்ப. ஆறு வருசமா பாக்கேன். டேங்கரைச் சரியாக் கழுவாம கொண்டுவந்திருப்பான் டிரைவர் மூக்காண்டி. அப்படித்தான் எழுதிவச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. நீ பாத்துட்டுச் சரின்னு சொல்லு."

சரி சார் என்று இரண்டு வார்த்தை. நாளைக்கு அப்ரைசல். நாலு மதிப்பெண் என் மடியில் விழுந்தது மாதிரிதான். பாஜிலாவுக்கும் ஒன்றும் ஆகாது. மூக்காண்டி அண்ணனுக்கு மட்டும் வண்டி கையைவிட்டுப் போகும். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் ஓட்டுகிற மனுசன். ஒவ்வொரு நாளும் டேங்கரைத் தானே குனிந்து தேய்ப்பார், நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. சார்மேல் இல்லை. இப்படி ஒரு வாசலில் வந்து நிற்கிற மாதிரி நடந்துகொண்ட என்மேல்தான்.

"அண்ணன் மேல தப்பு இல்ல சார். இது என் கையெழுத்து இல்ல. செவ்வாய்க்கிழமை நான் இங்க இல்ல. திங்க, செவ்வா, புதன் மூணு நாளும் திருநவேலில அம்மா கூட இருந்தேன். பாஜிலாவை நிக்கச் சொன்னதும் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான். அவ முடியாதுன்னுதான் சொல்லப் பாத்தா. நான் விடல. அவளை ஒண்ணும் பண்ணாதீங்க."

அவர் ரிஜிஸ்டரை மெதுவாக மூடினார். "ஆப்பரேஷன் தள்ளிப் போச்சுன்னு சொன்னியே."

"பொய் சார். அப்ரைசல் நேரத்துல லீவு போட்டா மார்க் குறையும்னு பயந்துட்டேன். துரைப்பாண்டி அண்ணாச்சிக்குப் போன வருசம் அப்படித்தான..."

"அவன் லீவா போட்டான்?" சாரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "சொல்லாமக் கொள்ளாம நாலு நாள் வரல. ஃபோனையும் எடுக்கல. கம்ப்ரசர் நின்னு பாதிப் பால் கெட்டுப்போச்சு. அதுக்குப் போட்டேன் ரெண்டு. கேட்டு வாங்குற லீவுக்கு மார்க் குறைக்க அந்தப் படிவத்துல எந்த இடத்துலயும் கட்டம் கிடையாதும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். அவ்வளவு சின்ன வேலை அது.

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். என் அப்ரைசல் படிவம். மேலே மதுரைக்கு அனுப்பிய தேதி இருந்தது: மார்ச் பன்னிரண்டு. நான் லீவு கேட்பதற்கு ஐந்து நாள் முன்னால். மதிப்பெண் நாலு. கீழே அவருடைய குறிப்பு: 'லீவு வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு முன்பே கேட்பார். சொல்லாமல் ஒருநாளும் நின்றதில்லை. லேப் பொறுப்பை நம்பிக் கொடுக்கலாம்.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்துகள் தெரியவில்லை.

"இதை இனிமே இப்படியே விட முடியாதும்மா," என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மதுரைக்குத் திருப்பிக் கேட்டு எழுதணும். உனக்கு என்ன வரும்னு எனக்கே தெரியல. அந்தப் பிள்ளைக்கு எச்சரிக்கையோட நிறுத்தப் பாக்கேன். மூக்காண்டி பேரை எடுத்துடுதேன்."

"சரி சார்."

எழுந்து கதவு வரைக்கும் போனேன். பின்னாலிருந்து கேட்டார்.

"அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"தெரியுது சார். அடுத்த புதன்கிழமை மறுபடியும் காட்டச் சொல்லியிருக்காங்க."

"அதுக்கு லீவு போட்டாச்சா?"

வெளியே வந்து, லேப் வாசலில் நின்று ஃபோனைத் திறந்தேன். வாபஸ் வாங்கிய விண்ணப்பம் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. அதற்கு மேலே புதிதாக ஒன்று போட்டேன். ஒரு நாள். காரணம், அம்மாவின் கண். தேதியை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

அறைக்குள் சாரின் ஃபோனில் என் விண்ணப்பம் வந்த மணி அடித்தது. நான் பாஜிலாவைத் தேடிப் போவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.