அந்திச் சிவப்பில் நட்சத்திரங்கள்

“நட்சத்திரத்தை எங்கலே?”

ஆறுமுகச்சாமி சித்தீக்கைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனாலும் நிமிர்ந்து பார்த்தது ஜெபிதாதான்.

சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் காலையிலிருந்து ஓயாத ஒரு தெருவின் மாடியில் இருந்தது சித்தீக், ஜெபிதா இரண்டு பேரின் ஸ்டுடியோ. கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டின மாதிரி படமாக்கிக் கொடுப்பான் சித்தீக். வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு வானம் செய்து கொடுப்பாள் ஜெபிதா. ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால், சூரியன் அங்கே எங்கே நிற்குமோ அங்கே நிற்கும். வெளிச்சம் காற்றையும் தூசியையும் கடந்து வருகிற தூரத்தைக் கணக்குப் போட்டு, வானம் தானே நீலமாகும், சிவக்கும், கறுக்கும். அவள் வர்ணம் பூசுவதே இல்லை.

இந்த வேலை வேறு மாதிரி. ஆறுமுகச்சாமியின் தம்பி சுடலைமணியைப் போன பங்குனியில் இளையரசனேந்தல் ரோட்டில் யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பந்தலில் பெரிய திரை கட்டி, அந்த வெட்டைப் படமாக ஓட்ட வேண்டும் என்பது அண்ணன் ஆசை. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தன், அவருடைய லாரி டிரைவர் வெள்ளத்துரை. வெட்டினவன் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி கோமதிநாயகம் என்று அவன்தான் சொன்னான்.

“சூரியன் செக்கச்செவேல்னு அவன் மூஞ்சியில அடிச்சுது. மேல பாத்தா நட்சத்திரம் கொட்டிக் கெடந்துச்சு.” இதுதான் அவன் சொன்ன சாட்சி.

முந்தாநாள் அனுப்பின சாம்பிள் படத்தில் அப்படியே இருந்தது. இன்றைக்கு முழுப்படம் பார்க்க ஆறுமுகச்சாமியும் வெள்ளத்துரையும் வந்திருந்தார்கள். திரையில் சிவந்த சூரியன் இருந்தது, அரிவாள் ஓங்கினவன் முகம் இருந்தது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

“மறந்துட்டா அண்ணாச்சி, இப்ப போட்டிரலாம்” என்றான் சித்தீக்.

“மறக்கல” என்றாள் ஜெபிதா. “அது வராது அண்ணாச்சி. முந்தாநாள் நான்தான் நட்சத்திரத்தோட வெளிச்சத்தை லட்சம் மடங்கு ஏத்தி வச்சேன். உள்ள அளவுக்கு வச்சா இப்படித்தான் இருக்கும். எங்க பேரு போட்டு அனுப்புற படம், வானம் பொய்யா இருக்க வேண்டாம்னு எடுத்துட்டேன்.”

“ஜெபி, வாய மூடு.”

“நீ மூடுலே” என்றார் ஆறுமுகச்சாமி. குரல் ஏறவில்லை. “ஏ பிள்ள, இன்னொருக்கா சொல்லு. எது பொய்?”

“சூரியன் அடிவானத்துல நிக்கும்போது அதோட வெளிச்சம் ரொம்பக் காத்தைத் தாண்டி வருது. நீலமெல்லாம் வழியில செதறிப் போயி, சிவப்புதான் மிச்சம் வந்து சேருது. ஆனா அப்பவும் வானம் பூரா வெளிச்சந்தான். அந்த வெளிச்சத்துல நட்சத்திரம் அமுங்கிப் போவும். வெள்ளி மாதிரி ஒண்ணு ரெண்டு தெரியலாம். கொட்டிக் கெடக்காது.”

சொல்லிக்கொண்டே அவள் நேரத்தை நகர்த்தினாள். திரையில் சூரியன் இறங்கியது. சிவப்பு ஊதாவாகி, மேலே கருநீலம் கூடியது. மேற்கே ஒரு புள்ளி, பிறகு நாலைந்து. முக்கால் மணி நேரம் போன பிறகுதான் வானம் நிறைந்தது. அதற்குள் அரிவாள் ஓங்கினவன் வெறும் கறுப்பு உருவமாகிப் போனான்.

“அன்னைக்கு அமாவாசை. நிலாவும் கெடையாது. மூஞ்சி தெரியும்போது நட்சத்திரம் இல்ல. நட்சத்திரம் வரும்போது மூஞ்சி இல்ல.”

ஆறுமுகச்சாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வருசமா எனக்குக் கை வரல. இவன் சொல்லு ஒண்ண நம்பி ஒரு உசுர எடுக்கதான்னு. முந்தாநாள் நீ அனுப்பினியே, அதப் பாத்தேன். கண்ணால பாத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறந்தாம்ட்டி புளியங்குடிக்கு ஆள் அனுப்பினேன்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“எலுமிச்சம்பழம் வாங்கவா அனுப்புவாங்க?”

ஜெபிதா நாற்காலியை விட்டு எழுந்தாள். “கூப்பிடுங்க. இப்பவே கூப்பிடுங்க!”

அவர் கூப்பிடவில்லை. எழுந்து வெள்ளத்துரையின் தலைமுடியைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இழுத்தார். “ரெண்டுல எதலே பாத்த?”

“அண்ணாச்சி...”

மேசையில் அவன் முகம் மோதின சத்தத்தில் தறிச்சத்தமே நின்ற மாதிரி இருந்தது. இன்னொரு மோதலில் மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம். தடுக்க வந்த சித்தீக் ஒரே அறையில் சுவரோடு போய் விழுந்தான்.

“எதலே?”

“நட்சத்திரந்தான்! நட்சத்திரந்தான் அண்ணாச்சி! நான் போகும்போது உங்க தம்பி விழுந்து கெடந்தாவ. கும்மிருட்டு. எவன் மூஞ்சியும் பாக்கல.”

“அப்ப ஏம்ல அவன் பேரச் சொன்ன?”

“நீங்க மிதிச்சீங்கல்லா! யாருலே, யாருலேன்னு நெஞ்சுல ஏறி நின்னு மிதிச்சீங்க. கோமதிநாயகந்தானன்னு நீங்களே கேட்டீங்க. ஆமான்னேன். ஆமான்னாத்தான் காலை எடுத்தீங்க.”

ஆறுமுகச்சாமி ஒரு நாற்காலியைத் தூக்கினார். அது திரையில் இறங்கியது. அடுத்த வீச்சு வெள்ளத்துரையின் தோளில். எலும்பு முறிந்தது ஜெபிதா காதில் விழுந்தது. மூன்றாவதாக ஓங்கும்போது அவள் குறுக்கே போய் அந்த நாற்காலிக் காலைப் பிடித்துத் தொங்கினாள்.

“அவனக் கொல்லறதுக்குப் பொழுது இருக்கு! போன எடுங்க! அங்க ஒருத்தன் ஒண்ணுஞ்செய்யாம சாவப் போறான்!”

அவளை உதறித் தள்ளினார். இடுப்பு மேசை முனையில் இடித்தது. ஆனாலும் அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். தரையில் வெள்ளத்துரை முனகினான். மூன்றாவது தடவை எடுத்தார்கள். மார்க்கெட்டின் கூச்சலும் யாரோ ஒருத்தன் அலறுவதும் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

“நிறுத்துங்கல! ஏலே, நிறுத்துங்க!”

“அண்ணாச்சி, ஒண்ணு போட்டாச்சு. கை விழுந்துட்டு. கழுத்துக்குப் போகுதோம்...”

“தொட்டியன்னா உன்னைய வெட்டுவேன்! துண்டக் கிழிச்சு இறுக்கிக் கட்டு. அவனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.”

“நாங்களா அண்ணாச்சி?”

“நீங்கதாம்ல! ஓடு!”

ஆறுமுகச்சாமி போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஜெபிதா துப்பட்டாவை மடித்து வெள்ளத்துரையின் மூக்கில் வைத்து அமுக்கினாள். இன்னொரு கையால் போனை எடுத்தாள்.

“யாருக்கு அடிக்க?” சித்தீக் வாயோரம் வழிந்ததைத் துடைத்தான்.

“ஆம்புலன்ஸுக்கு. அப்புறம் போலீசுக்கு.”

“கிறுக்கா உனக்கு? நாம படம் செஞ்சவங்க, அவ்வளவுதான். மொதல்ல அந்த சாம்பிள் படத்த அழி.”

“அழிக்க மாட்டேன். ரெண்டு வானத்தையும் குடுப்பேன்.”

“நட்சத்திரத்த ஏத்தி வச்சது யாருன்னு கேப்பாங்க ஜெபி.”

“கேக்கட்டும்.”

“நாமளும் உள்ள போவோம்.”

“நீ போவாண்டாம். நான் ஏத்தினது.”

வெள்ளத்துரை உடையாத கையால் அவள் முழங்கையைப் பற்றினான். “யக்கா, அந்தக் கோமதிநாயகம் பொழைச்சிருவாராக்கா?”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவள் போலீசுக்கு அடித்தாள். போனில் எடுத்துவிட்டார்கள்.

“சார், புளியங்குடி மார்க்கெட்ல ஒரு ஆளை வெட்டிருக்காங்க. வெட்டச் சொன்னவர் பேரு ஆறுமுகச்சாமி. என் பேரு ஜெபிதா. இல்ல சார், பாத்தவ இல்ல. அவர் நம்புற மாதிரி செஞ்சு குடுத்தவ.”