மிஸ்ட் கோல் கணக்கில் வராது

வயலெட் டீச்சருக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, விரல்தான் பேசும். ஈஸ்டர் நெருங்கிவிட்டது. போன சனிக்கிழமை அவர் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவில் பாதிப் பேரைக் காணவில்லை. கேட்டால் ஆளுக்கொரு சாட்டு! வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, குழு முழுக்க அனுப்பிவிட்டார்:

“சனி மூன்று மணிக்குப் பயிற்சி. வர முடியாதவர்கள் வெள்ளி மாலை ஆறு மணிக்குள் காரணத்தோடு எனக்குச் சொல்ல வேண்டும். ஆள் மூலம் சொல்லி விடுவது செல்லாது. மிஸ்ட் கோல் கணக்கில் வராது. சொல்லாமல் வராதவர் ஈஸ்டருக்குப் பாட முடியாது.”

மிஸ்ட் கோலைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குப் போனுக்கு ரீலோட் போடக் கையில் எப்போதும் காசிருக்காது. ஒரு தரம் அடித்து நின்றால் பஸ் ஏறியாச்சு, இரண்டு தரம் அடித்தால் இன்றைக்கு வரமாட்டேன். அவர்களுக்குள் அது பேச்சு மாதிரி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் பதுளைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் டீச்சருக்கு அது பிடிபடவில்லை. “மனுசர் மாதிரிக் கதைச்சால் என்ன?” என்று தனக்குள் எரிந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. பார்த்தால் சூசை அண்ணனின் நம்பர்.

சூசை அண்ணன் பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். குழுவின் கீழ்க்குரலே அவர்தான். அவர் வராவிட்டால் பாட்டுக்குக் காலே இல்லை. மழையென்ன, மண்சரிவென்ன, ஒரு பயிற்சிக்கும் வராமல் இருந்தவரில்லை. திருப்பிக் கோல் எடுக்கலாமா என்று டீச்சரின் கை போனுக்குப் போனது. ‘இவருக்கு இளகினால் நாளைக்கு எல்லாரும் இதையே செய்வார்கள்’ என்று போனைக் கவிழ்த்து வைத்தார். இருட்டும்வரை அது விட்டுவிட்டு அடித்து நின்றது. என்ன பிடிவாதம் இந்தக் கிழவனுக்கு என்று டீச்சருக்கு எரிச்சல்தான் ஏறியது.

மறுநாள் வரவு பார்த்தபோது சூசை இல்லை. “சூசை அண்ணனுக்கும் சட்டம் ஒண்டுதான். ஈஸ்டருக்கு அவர் இல்லை,” என்று எல்லாரும் கேட்கச் சொன்னார் டீச்சர். அவர் இல்லாத ஈஸ்டர் பாட்டு என்ன பாட்டு? ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை.

பாட்டை எடுத்தார்கள். அடியில் ஒன்றுமில்லாமல் அது காற்றில் ஆடியது. பாதியில் வாசலில் யாரோ நின்றார்கள். சூசையின் மகள் ரெஜினா. தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது.

“டீச்சர், அப்பா இன்னைக்கு வரமாட்டாருங்க.”

“இப்பவோ சொல்லுறது? நேற்று ஆறு மணிக்குள்ள சொல்லோணும் எண்டு போட்டனான்தானே?”

“அதைத்தாங்க அப்பாவும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நெஞ்சு வலின்னு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். எங்க அண்ணனுக்குப் பேசினதிலேயே போன்ல இருந்த காசு முடிஞ்சிருச்சு. மிஸ்ட் கோலாச்சும் குடுப்போம்னு குடுத்தேன். நீங்க எடுக்கவே இல்லீங்க.”

“ஒரு எட்டு என்ரை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே, பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருதானே.”

“அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வாறது? டீச்சருக்குச் சொல்லிட்டியா, சொல்லிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ணை மூடினாரு. விடியக்குள்ள முடிஞ்சிருச்சுங்க.” அவள் வெளியே நின்ற வேனைப் பார்த்தாள். “வேன்ல அப்பாதாங்க இருக்காரு. தோட்டத்துக்குப் போறோம். சொன்ன பொய்யை மெய்யாக்கிட்டுப் போகலாம்னு நிறுத்தச் சொன்னேன்.”

ஐயோ, என்றார் டீச்சர். திருப்பிக் கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய்க் கட்டிலோரம் நின்றிருக்கலாம். “நீங்கள் ஆறுதலாகப் படுங்கோ அண்ணை, பாட்டு எங்கேயும் போகாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! அதைக்கூடக் கொடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்த கையை அறுத்தெறிய வேண்டும்போல் இருந்தது.

அடக்கத்துக்குக் குழு முழுக்கப் போனது. ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. கீழ்க்குரலை யாருக்கும் கொடுக்க டீச்சருக்கு மனம் ஒப்பவில்லை. அது இல்லாமலே பாடினார்கள்.

அடுத்த வியாழன் வழக்கம்போல் நினைவூட்டல் போயிற்று. “சனி மூன்று மணிக்குப் பயிற்சி. வர முடியாதவர்கள் மிஸ்ட் கோல் கொடுங்கள். நான் திருப்பி எடுப்பேன். எந்த நேரமென்றாலும் பரவாயில்லை.”

அனுப்பிய கையோடு போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. சூசையின் நம்பர். குழுவிலிருந்து அதை நீக்க மறந்திருந்தார் டீச்சர். உடனே திருப்பி எடுத்தார்.

“டீச்சர், ரெஜினா பேசுறேங்க,” என்றது குரல். “அப்பா சனிக்கிழமை வரமாட்டாருங்க. முன்னக்கூட்டியே சொல்லிடணும்ல, அதான்.”

“சரி பிள்ளை,” என்றார் டீச்சர். “சொன்னது நல்லது.” போனை வைக்காமல் இருவரும் அழுதார்கள்.