ஓட்டெடுப்பு தடுமாறிய காலை

பதினெட்டு வருடம் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் என்பதால் வேலையை விட்ட பிறகும் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இப்போது அவள் அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வெபினார் வழியாகப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பேசுவது அவள். பின்னால் இருந்து கூட்டத்தை ஓட்டுவது அவளுடைய தம்பி மனைவி. ஒருத்தி வீடு ஊரின் ஒரு கோடி, இன்னொருத்தி வீடு மறு கோடி. மாதத்தில் பாதி நாள் ஒரே திரையில்தான் சந்தித்துக்கொள்வார்கள்.

தம்பி மனைவிக்கு சிஸ்டர் வைத்திருந்த பெயர் 'பிசிறில்லாதவள்'. ஸ்லைடின் மூலையில் சிஸ்டர் சின்னதாக ஒரு ஆரஞ்சுப் புள்ளி வைத்திருப்பாள். ஆரஞ்சு என்றால் ஓட்டெடுப்பு. பச்சை என்றால் சாட்டில் கேள்வி. புள்ளி தெரிந்த கணத்தில் ஓட்டெடுப்பு திரையில் குதித்துவிடும். முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போட்டதும் அதை மூடி, முடிவை எல்லோருக்கும் காட்டி, சிஸ்டர் அடுத்த வரிக்கு வாயெடுக்கும் முன்பே அதை விலக்கியும் விடுவாள். பச்சைப் புள்ளி வந்தால் சாட்டில் வந்து விழும் பதில்களில் நாலைந்தைப் பொறுக்கி, ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி வாசிப்பாள்.

"எப்படிம்மா இவ்வளவு கரெக்டா பண்றே?" என்று சிஸ்டர் ஒருமுறை கேட்டாள்.

"நீங்க பேசறதை நான் கேக்கறதே இல்லை அண்ணி. புள்ளிய மட்டும்தான் பார்ப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்று காலை வெபினார் ஒரு கட்டட நிர்வாக நிறுவனத்துக்கு. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளை அது பார்த்துக்கொண்டது. தம்பி குடும்பம் வசிக்கும் கட்டடமும் அதில் ஒன்று. அந்த அறிமுகத்தில்தான் வேலையே கிடைத்தது. காவலாளிகள், மேற்பார்வையாளர்கள், எலக்ட்ரீஷியன்கள் என்று இருநூறு பேர் வரை நுழைந்திருந்தார்கள். தலைப்பு, வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள். நிறுவனத்தின் பயிற்சி அதிகாரியும் பேச்சாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி மனைவியிடமிருந்து போனில் செய்தி வந்தது. "இங்க கரண்ட் போயிடுச்சு. பயப்படாதீங்க. அவர் ஜெனரேட்டர் போட்டுக் குடுத்துட்டு நைட் டியூட்டி அசதில படுத்துட்டார். நெட் நல்லா இருக்கு. கேமராவ மட்டும் அணைச்சுக்கறேன்."

'சரிம்மா' என்று ஒரு கட்டை விரல் பொம்மையை அனுப்பிவிட்டு சிஸ்டர் மைக்கைத் திறந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் ஓட்டெடுப்பு அமர்க்களமாகப் போனது. "உங்க வேலை என்ன?" என்ற சுலபமான கேள்வி. கூட்டத்துக்குக் கூச்சம் போகட்டும் என்று வைத்தது. சாட்டில் வந்த முதல் கேள்விக்கும் சிரிப்புப் பொங்கியது. வீட்டில் மிக ஆபத்தான பொருள் எது என்று கேட்டதற்கு யாரோ ஒருவர் "மாமியார்" என்று போட, தம்பி மனைவி அதை வாசித்துவிட்டு, "இவருக்கு இன்னிக்கு வீட்ல சாப்பாடு கிடையாது" என்றாள்.

இரண்டாவது ஓட்டெடுப்பில்தான் முதல் இடறல். ஆரஞ்சுப் புள்ளி வந்தது. ஓட்டெடுப்பு வரவில்லை. சிஸ்டர் ஒரு வாக்கியத்தை இழுத்தாள், இன்னொன்றையும் இழுத்தாள். அப்புறம் வந்தது.

'மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரை எங்கே வைத்து ஓட்டலாம்? சமையலறையில், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு. பால்கனியில், கண்ணாடியை லேசாகத் திறந்து. கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து நன்றாகத் தள்ளி.'

கால்வாசிப் பேர்கூட ஓட்டுப் போட்டு முடிக்கவில்லை, ஓட்டெடுப்பு மூடிக்கொண்டது. முடிவு திரையில் வந்தது. பால்கனி என்றவர்கள்தான் அதிகம். சிஸ்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. "பால்கனியும் வீடுதாங்க" என்று ஆரம்பித்து, எரிந்த புகையில் மணமே இல்லாத ஒரு நஞ்சு வருவதையும், கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நஞ்சு மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாமல் ரத்தத்தில் கலந்துவிடுவதையும் விளக்கினாள். நடத்துகிறவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதனால் அந்தக் கேள்விக்குத் தம்பி மனைவி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

முடிவுப் பெட்டி திரையை விட்டு விலகவே இல்லை. ஸ்லைடின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. நெட் சொதப்புகிறது என்று நினைத்து சிஸ்டரே அதை மூடினாள். உள்ளுக்குள் எரிச்சல்.

பச்சைப் புள்ளி வந்தது. "உங்க வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், மயக்கம். வெளிய போனா சரியாயிடுது. உங்களுக்கு என்ன சந்தேகம் வரும்? சாட்ல எழுதுங்க."

பதில்கள் கொட்டின. சாப்பாடு ஒத்துக்கலை. வெயில். கண் திருஷ்டி. டென்ஷன். வாசிக்க வேண்டியவளிடமிருந்து சத்தம் இல்லை.

"நம்ம ஒருங்கிணைப்பாளர் வாசிப்பாங்க" என்றாள் சிஸ்டர்.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு குரல். "சாப்பாடு... ஒத்துக்கலை. சாப்பாடு ஒத்துக்கலை. அப்புறம்... சாப்பாடு..."

நாக்கு தடித்த மாதிரி இருந்தது. சாட்டில் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். அடுத்த நொடி திரையில் ஒரு ஓட்டெடுப்பு குதித்தது. கடைசியில் வர வேண்டியது. 'இன்றைய பயிற்சி உங்களுக்கு எப்படி இருந்தது?'

"என்ன மேடம் நடக்குது?" என்று பயிற்சி அதிகாரி தனியாகச் செய்தி அனுப்பினார். சிஸ்டருக்கு முகம் சூடாகிவிட்டது. போனை எடுத்து "தூங்கிட்டியா?" என்று தட்டப் போனாள். அதே நேரம் சாட்டில், எல்லோருக்கும் தெரியும்படி, தம்பி மனைவியின் வரி வந்து விழுந்தது.

'அண்ணி தல வலிகுது வாந்தி வரமதிரி புள்ளி தெரில'

எழுத்துப் பிழையே விடாதவள்.

சிஸ்டரின் கையில் இருந்த போனில் காலையில் வந்த செய்தி அப்படியே இருந்தது. ஜெனரேட்டர் போட்டுக் குடுத்துட்டு. மழை. தம்பி வீட்டுப் பின்பக்கக் கண்ணாடிப் பால்கனி. மைக்கில் சத்தம் விழாமல் இருக்க எல்லா ஜன்னலையும் சாத்தியிருப்பாள்.

"ஜெனரேட்டர் எங்க இருக்கு?" என்று கத்தினாள். இருநூறு பேரும் கேட்டார்கள்.

"பின்னாடி... பால்கனில... கதவு சாத்த வரல அண்ணி, ஒயர் இருக்கு..."

"எழுந்திரு. வாசக்கதவைத் திற. வெளிய போ. இப்பவே!"

"அவர் உள்ள ரூம்ல தூங்கறாரு..."

அந்த அறை பால்கனியை ஒட்டிய அறை. சிஸ்டருக்கு அது தெரியும். கூடப் பிறந்தவன். ஆனால் மயங்கிக்கொண்டிருப்பவளை இன்னும் உள்ளே அனுப்பினால் இரண்டு பேரும் அங்கேயே விழுவார்கள் என்று பதினெட்டு வருட அனுபவம் சொன்னது.

"அவன்கிட்ட போகாதே. நான் சொல்றதைக் கேளு. வாசலுக்குப் போ. முடியலைன்னா தவழ்ந்து போ. கதவைத் திறந்து போட்டுட்டு பக்கத்து வீட்டைத் தட்டு. போ கண்ணு!"

நாற்காலி தரையில் விழும் சத்தம் கேட்டது. லேப்டாப் மைக் திறந்தே கிடந்தது.

"மேடம், கூட்டத்தை முடிச்சிடலாமா? எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க" என்றார் பயிற்சி அதிகாரி.

"முடிக்காதீங்க சார்! அந்த வீட்டுக்குள்ள நமக்கு இருக்கற ஒரே காது இந்த மைக்தான். நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. உங்க கட்டடம்தான், முகவரி உங்ககிட்டயே இருக்கு. தீயணைப்புக்கும் சொல்லுங்க."

சாட்டில் ஒரு வரி ஓடியது. 'சிஸ்டர் எந்த பிளாக்?' கேட்டவர் அந்தக் கட்டடத்து மேற்பார்வையாளர். கீழே அலுவலக அறையில் உட்கார்ந்து போனில் பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தவர். சிஸ்டர் பிளாக்கையும் மாடியையும் சொன்னாள். 'ஓடறேன்' என்று வந்தது. அதற்குப் பிறகு சாட்டில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

அவள் தன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் ஜெனரேட்டர் கொரகொரவென்று ஓடியது. இவ்வளவு நேரம் மென்பொருள் வடிகட்டி மறைத்திருந்த சத்தம், மற்ற எல்லாம் அடங்கியதும் மெல்லக் கேட்டது. தாழ்ப்பாளில் கை தடுமாறியது. மறுபடியும் தடுமாறியது. திறந்தது. ஏதோ பொத்தென்று விழுந்தது.

"கேக்குதாம்மா? பேசு!"

பதில் இல்லை. பிறகு படிக்கட்டில் காலடிகள், ஆண் குரல்கள். "இங்க கெடக்குறாங்க! வராண்டாவுக்குத் தூக்கு!" சிஸ்டர் மைக்கில் கத்தினாள். "உள்ள ரூம்ல இன்னொருத்தர் இருக்காரு. தனியாப் போகாதீங்க. ஜன்னலை எல்லாம் திறங்க, இல்லைன்னா உடைங்க. மூச்சைப் பிடிச்சுப் போய் ஜெனரேட்டரை அணைச்சுட்டு உடனே வெளிய வாங்க!"

லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் யாருடையது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கண்ணாடி நொறுங்கியது. கொரகொரப்பு நின்றது. அதோடு ரௌட்டரும் அணைந்தது. திரையில் தம்பி மனைவியின் பெயர் மறைந்தது. மைக் செத்துப்போனது.

சிஸ்டர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டெடுப்புப் பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. 'இன்றைய பயிற்சி உங்களுக்கு எப்படி இருந்தது?' யாரும் ஓட்டுப் போடவில்லை.

பயிற்சி அதிகாரிக்குத்தான் முதலில் போன் வந்தது. அவர் கேமராவில் தெரிந்த முகத்தை சிஸ்டர் பார்த்தாள். "வெளிய கொண்டு வந்துட்டாங்களாம். உங்க தம்பிக்கு... நினைவு இல்லையாம். மூச்சு இருக்காம்."

மூச்சு இருக்காம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் ஆட்டோ ஏறினாள்.

மருத்துவமனையில் தம்பியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. விரலில் மாட்டும் கருவி எல்லாம் சரியாக இருப்பதாக எண் காட்டியது. சிஸ்டர் அதை நம்பவில்லை. இந்த நஞ்சு ரத்தத்தில் இருக்கும்போது அந்தக் கருவி ஏமாந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சுவரில் சாய்ந்தபடி நின்றாள். எத்தனையோ பேருடைய அக்காக்களை இதே சுவரோரம் "உட்காருங்கம்மா" என்று அதட்டியிருக்கிறாள். இப்போது அவளையே ஒரு நர்ஸ் அதட்ட வேண்டியிருந்தது.

மாலையில் தம்பி கண் விழித்தான். "அக்கா, நீ எங்க இங்க? கரண்ட் வந்துடுச்சா?" என்றான். காலையில் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. சில நாட்கள் பேச்சில் வார்த்தை தேடினான், சாவியை வைத்த இடம் மறந்தான். டாக்டர், மெல்லச் சரியாகும், ஆனால் கண்காணிக்க வேண்டும் என்றார்.

அன்று மாலை தம்பி மனைவி அடுத்த வார்டில் இருந்தாள். சிஸ்டர் உள்ளே போனதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கும்மா அழறே? ரெண்டு பேரும் பொழைச்சுட்டீங்க."

"அந்தக் கேள்விய இதுக்கு முன்னாடி எத்தனை வாட்டி போட்டிருப்பேன் அண்ணி. சமையலறை, பால்கனி, வெளிய. முடிவக் காட்டிட்டு உங்க விளக்கம் முடியற வரைக்கும் அடுத்த புள்ளிக்குக் காத்துட்டு இருப்பேன். ஒரு வாட்டிகூட நான் படிச்சதில்ல. ஜெனரேட்டரை பால்கனில வைங்க, மழை நனையாதுன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தான்."

இந்தப் பயிற்சியை சிஸ்டர் எத்தனையோ கூட்டங்களில் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தன் சொற்கள் போய்ச் சேருகின்றன என்றே நினைத்திருந்தாள். முதல் வரிசையில், எல்லாக் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தவளிடமே சேரவில்லை.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். விலகிக் கிடந்த போர்வையை இரண்டு கையாலும் இழுத்து அவளுக்குப் போர்த்தினாள். தம்பி மனைவி ஊசி குத்தியிருந்த தன் கையை நகர்த்தி அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.