வேர் இல்லாத முடி

தங்கவேலு செருப்போடு உள்ளே வந்தான். பெண்களுக்கு மட்டும் என்று எழுதித் தொங்கவிட்டிருந்த திரையை அவன் இழுத்த வேகத்தில் கம்பியே பெயர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புருவம் திருத்திக்கொள்ள உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு புருவம் அழகாகவும் ஒரு புருவம் பழையபடியுமாகப் படியிறங்கி ஓடினாள்.

"பாரும்மா! நல்லா கண்ணைத் தொறந்து பாரு! சாயம் பூசறேன்னு என் தங்கச்சியை மொட்டை அடிச்சி அனுப்பிட்டியே!"

கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தான். கறுப்பாக ஒரு கைப்பிடி முடி.

கண்ணகிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஆரணி கடைத்தெருவில் பெண்களுக்கென்று இருந்த ஒரே அழகு நிலையம் அவளுடையது. ஆறு மாதம் தினமும் வேலூருக்கு பஸ் ஏறிக் கற்றுக்கொண்டு வந்த தொழில். மாடியைக் கொடுத்த பலராமன் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்தார். கொடுத்த அன்றே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "படியில ஒரு சண்டை, ஒரு சத்தம் கேட்டுது, சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கணும்."

இப்போது அதே படியில் திமுதிமுவென்று காலடிச் சத்தம். சேலை வாங்க வந்தவர்கள், கடைப் பையன்கள், எல்லாருக்கும் முன்னால் பலராமன்.

"இன்னாம்மா இது? இன்னா கலாட்டா?"

"இன்னாவா? இவ பூசற சாயத்துல முடியெல்லாம் கொட்டிப் போச்சு! நாளைக்கி உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் இதே கதிதான்!" என்றான் தங்கவேலு, கூட்டத்தைப் பார்த்து.

"சாயம் பூசினா முடி கொட்டத்தானே செய்யும், இதுல இன்னா அதிசயம்?" என்று பின்னால் ஒரு குரல். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் கண்ணகியை மேலும் எரிய வைத்தது. ஊரில் டைபாய்டு வந்து எழுந்தவளுக்கு முடி கொட்டினாலும் சாயம்தான் காரணம். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொட்டினாலும் சாயம்தான். வாழ்க்கையில் சாயத்தையே தொடாதவளுக்குக் கொட்டினால், பக்கத்து வீட்டுக்காரி பூசியிருப்பாள்!

"முடிய மட்டும் கட்டி எடுத்துனு வந்தீங்களே அண்ணே, தலை எங்க? செல்லியக் கூப்பிடுங்க மேல!"

செல்லியம்மாள் ஏற்கெனவே படியில்தான் நின்றிருந்தாள், தலையைத் துண்டால் மூடிக்கொண்டு. அண்ணி சின்னம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள். இருபத்தாறு வயதிலேயே நரைத்துவிட்ட தலை செல்லிக்கு. போளூரிலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று போன வாரம்தான் சின்னம்மாள் அவளை இங்கே கூட்டி வந்து கறுப்பு அடித்துப் போனாள்.

செல்லி துண்டை எடுத்தாள். நெற்றி ஓரமும் காதோரமும் சிவந்து தடித்திருந்தன. இமைகள் வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. இடுப்புவரை இருந்த கூந்தல் தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவே எலி கடித்ததுபோல் எங்கெங்கோ நின்றது.

கண்ணகி இமைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவசரமாக முடிக்குத் திரும்பினாள்.

தன் சீப்பிலிருந்து ஒரு முடியை உருவினாள். தலையை வாரும்போது தானாக விழுந்த முடி. அதை பலராமன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்த நுனியப் பாருங்கய்யா. வெள்ளையா, கடுகை விடச் சின்னதா ஒரு குமிழ் இருக்குதா? இதான் வேர். கொட்டின முடின்னா இது இருக்கணும். எல்லாருக்கும் தினம் கொஞ்சம் இப்பிடிக் கொட்டும், மறுபடி முளைக்கும்."

அடுத்து பொட்டலத்து முடியிலிருந்து நாலைந்தை எடுத்தாள்.

"இப்ப இதுல வேரைக் காட்டுங்க. ரெண்டு முனையும் பாருங்க. ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு முழ நீளம். நுனியெல்லாம் பிரிஞ்ச தொடப்பம் மாதிரி. இது கொட்டல. ஒடஞ்சிருக்குது! வேர் தலையிலயேதான் இருக்குது!"

"கொட்டினா இன்னா, ஒடஞ்சா இன்னா? போனது போனதுதானே?" என்று கத்தினான் தங்கவேலு.

"ரெண்டும் ஒண்ணா? உங்க பட்டறையில நூல் அறுந்தா, பட்டுப்பூச்சி செத்துப் போச்சுன்னா சொல்லுவீங்க?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். தங்கவேலுவின் முகம் கறுத்தது. அவன் பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கிறவன். கச்சாப் பட்டைச் சவுக்காரமும் சோடா உப்பும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுப்பதிலிருந்து எல்லாம் அவன் வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில்தான் நடக்கும்.

"நீங்களே பாருங்கண்ணே. நூலைப் பாக்கற மாதிரியே பாருங்க," என்று கண்ணகி தன் முடியை டம்ளர் நீரில் நனைத்து அவனிடம் கொடுத்தாள்.

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினான். ஆனால் விரல்களுக்குப் பழக்கம் போகுமா? இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தான். முடி நீண்டது. விட்டதும் சுருங்கியது. பொட்டலத்து முடியையும் அப்படியே நனைத்து இழுத்தான். நீளவேயில்லை. பட்டென்று போய்விட்டது. இன்னொன்று. அதுவும். மூன்றாவதை எடுத்த விரல்கள் பாதியில் நின்றன. அவன் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்தது.

"சோடாவுல நொந்த நூலு மாதிரி..."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கண்ணகி விடவில்லை. சின்னம்மாளிடம் திரும்பினாள்.

"தலைய எதுல அலசினீங்க?"

சின்னம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்தான்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கற? இவரைக் கேளு! அரிக்குது அரிக்குதுன்னு பொண்ணு ராத்திரியெல்லாம் அழுவுது, காலையில இவருதான், அண்டாவுல பசை எடுத்த தண்ணி வெதுவெதுன்னு இருக்குது, அதுல அலசினா சாயம் ஜல்தியா உட்டுரும்னாரு. ஒரு தபா அலசி உடலன்னு மறுபடி, மறுபடி. ஊறட்டும்னு துண்டைக் கட்டி வேற உக்கார வெச்சாரு. அப்புறம் ஈரத்தோட சீப்பைப் போட்டு இழுத்தா கொத்துக் கொத்தா கையோட வருது!"

"பட்டுல பசை போவுதே, தலையில சாயம் போவாதான்னு..." என்று இழுத்தான் தங்கவேலு.

"பட்டுலயே சோடா ஒரு பிடி கூடினா நூல் வீணாப் போவுதுன்னு பதறுவீங்களே! தங்கச்சி தலைன்னா கணக்கில்லையா?" கண்ணகியின் குரல் கீழே ஜவுளிக்கடை வரை கேட்டிருக்கும். "செஞ்சது நீங்க. கூட்டம் கூட்டி மானத்த வாங்கறது எனக்கா? தெரு முழுக்கச் சொல்லுங்க இப்ப, யாரு ஒடச்சதுன்னு!"

பலராமன் கையைத் தூக்கினார். "போதும்மா. சாயத்தால இல்லன்னு ஆயிப்போச்சு. எல்லாரும் எறங்குங்க. யோவ் தங்கவேலு, போற வழியில அந்தக் கம்பிய மாட்டிட்டுப் போ."

அவ்வளவுதான். கண்ணகி ஜெயித்துவிட்டாள். சாவி இடுப்பில் பத்திரமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அப்ப இது?"

கேட்டவள் செல்லி. அதுவரை அவள் குரலை யாரும் கேட்கவில்லை. வீங்கிய இமையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சொல்லுக்கா. சோடாவுல கை வைக்கறதுக்கு முந்தின நாளே அரிப்பு வந்திடுச்சி. கண்ணு வீங்கிடுச்சி. இது எதால?"

படியிறங்கத் திரும்பியவர்கள் நின்றுவிட்டார்கள். கண்ணகியின் வாய்க்குள் ஒரு பதில் தயாராக இருந்தது. உடம்புச் சூடு, சோடா பட்ட எரிச்சல், எதையாவது சொல்லலாம். இந்தக் கூட்டம் நம்பும். வாடிக்கையாளர்களிடம் நாலைந்து முறை சொன்னதும் உண்டு. சாயத்தைப் பழிக்கிறவர்கள்மேல் அவளுக்கு இருந்த ஆத்திரத்தில், அரிப்பு என்று யார் சொன்னாலும் அதையும் கட்டுக்கதைக் கணக்கில் சேர்த்துத் தள்ளியிருந்தாள். வேலூரில் சொல்லிக் கொடுத்த அம்மா தலை தலையாக அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவு, ரெண்டு நாள் பாரு, அப்புறம்தான் தலையில் கை வை. முதல் சில பேருக்குச் செய்தாள். ரெண்டு நாள் காத்திருக்கணுமா என்று முகம் சுளித்தார்கள். விட்டுவிட்டாள்.

"செல்லி, இதுக்கு முன்னாடி எப்பனா சாயம் பூசி இருக்கியா?"

"போன வருசம் அண்ணி வீட்டுல பூசிச்சி. லேசா அரிச்சிது. நீ கேக்கவே இல்லியே."

"கேக்கல," என்றாள் கண்ணகி. கோபம் அடங்கவில்லை, இப்போது அது தன்மேலேயே திரும்பியிருந்தது. "இது சாயத்தால வந்ததுதான். உன் உடம்புக்கு அது ஆகாது. போன தபா அரிச்சதே அதுக்கு அடையாளம். தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. என் தப்பு."

"ஆங்! ஒத்துக்கினா பாரு!" என்று துள்ளினான் தங்கவேலு. "சாவிய வாங்குங்க மொதலாளி!"

"வாய மூடுண்ணா!"

செல்லி கத்திய கத்தலில் அவன் ஓரடி பின்வாங்கினான்.

"இவங்களாவது என் தப்புன்னு சொன்னாங்க. உன் வாயில அது வந்திச்சா? நரைச்ச தலையோட பொண்ணு காட்ட வெக்கமா இருக்குதுன்னு சாயம் பூச அனுப்பினது யாரு? நான் கேட்டனா? உன் வெக்கத்துக்கு என் தலை. உன் சோடாவுக்கு என் தலை. இங்க வந்து நீ கத்தறதுக்கும் என் தலையே! யார் மேல தப்புன்னு ரெண்டு பேரும் இவ்ளோ நேரம் பேசிகினு இருக்கீங்களே, எரியுதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

சின்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எரியுதா?" என்று கேட்டாள் கண்ணகி.

"நெருப்பா எரியுது."

"வா. டாக்டர் கிட்ட போவலாம். கண்ணு வரைக்கும் வீங்கினா வீட்டு வைத்தியம் கூடாது." சாவியை இடுப்பிலிருந்து எடுத்து பலராமன் முன்னால் மேசையில் வைத்தாள். "நீங்க யோசிச்சு வையுங்கய்யா. நான் வந்து கேக்கறேன்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். களிம்பு கொடுத்தார். இனி இந்தச் சாயத்தின் பக்கமே போகக்கூடாது என்று செல்லியைத் திட்டினார். பூசியவளை இன்னும் பலமாகத் திட்டினார். தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வேரெல்லாம் நன்றாகவே இருக்கிறது, மாதத்துக்கு அரை அங்குலம் வளரும், பொறு என்றார்.

திரும்பி வந்தபோது கம்பி ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. கோணலாகத்தான். கீழே சுத்தியலோடு தங்கவேலு நின்றான். கண்ணகியைப் பார்க்காமல், "புண்ணு ஆற வரைக்கும் போளூர்க்காரங்கள வர வேணாம்னு ஆள் அனுப்பிட்டேன்," என்று தங்கையிடம் மட்டும் சொன்னான்.

"வரட்டும். நரைச்ச தலைதான்னு சொல்லிட்டு வரச் சொல்லு," என்றாள் செல்லி.

சாவி மேசையிலேயே இருந்தது. பலராமன் அதைத் தொடவில்லை. கண்ணகி அதை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஒரு அம்மாள் வந்தாள். சாயங்காலம் கல்யாண வரவேற்பு, இப்போதே கறுப்பு அடித்துவிட வேண்டும் என்றாள். கண்ணகி துளிச் சாயத்தைக் குழைத்து அவள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள்.

"ரெண்டு நாள் கழிச்சி வாங்க."

"இன்னா பேஜார் இது! வரவேற்பு இன்னிக்கி!"

"அப்ப நரையோட போங்க."

அந்த அம்மாள் திரையை வீசியடித்துவிட்டு இறங்கினாள். கோணல் கம்பி ஆடியது, விழவில்லை.