கொட்டகைச் சுவரில் ஒரு பலகை

2022 ஜூலை 18 அன்று, பல்லடத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளை, ஆறு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கான காசோலை ஒன்றைக் கணக்கில் போதிய பணம் இல்லை என்ற குறிப்புடன் திருப்பி அனுப்பியது. காசோலையில் கையெழுத்திட்டிருந்தவர் வேலாத்தாள். பொங்கலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலமும் அதில் ஒரு கறிக்கோழிக் கொட்டகையும் வைத்திருப்பவர். வயது ஐம்பத்து மூன்று, கணவர் இல்லை.

வழக்கறிஞர் திலகவதியின் அலுவலகத்துக்கு அவர் வந்தது செப்டம்பர் கடைசியில், சம்மன் கைக்கு வந்த பிறகு. கூடவே அண்ணன் சாமியப்பனும் வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசையில் அடுக்கினார் வேலாத்தாள். அதில், காசோலையை வங்கியில் போட்ட கோழி நிறுவனம் அனுப்பி, ஆகஸ்ட் நான்காம் தேதி வந்து சேர்ந்த வக்கீல் நோட்டீசும் இருந்தது.

நோட்டீசுக்குப் பதில் போட்டீர்களா என்று திலகவதி கேட்டார்.

"இல்லீங் அம்மிணி. கம்பெனி சூப்பர்வைசர் பையன்தான் சொன்னான், இதெல்லாம் ஆபீஸ்ல சும்மா சடங்குக்கு அனுப்பறது, பதில் கிதில் போட்டீங்கன்னா அடுத்த பேட்ச் குஞ்சு விட மாட்டாங்கன்னு. குஞ்சு வரணுமேன்னு கம்முனு இருந்துட்டேன்."

"குஞ்சு வந்துதாக்கா?"

"குஞ்சு எங்க வந்துது? கோர்ட்டுக் காயிதந்தான் வந்துது."

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நடந்ததைக் கேட்டார். 2019இல் பூஞ்சோலை ஹேட்சரீஸ் என்ற அந்த நிறுவனத்தோடு வேலாத்தாள் சேர்ந்தபோது இரண்டு காசோலைகளில் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இருபது ரூபாய் பத்திரத்திலும் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் எல்லாப் பண்ணைக்காரர்களும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் இறக்கும். கொட்டகையும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் இவருடையது. நாற்பது நாளில் நிறுவனம் வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போகும். கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி தரும். 2022 மார்ச்சில் இறக்கிய ஐயாயிரம் குஞ்சில், இருபத்து நான்காம் நாள் தொடங்கிய நோயில் நான்கே நாளில் மூவாயிரத்து நூற்று நாற்பது செத்தன. அதற்குப் பிறகுதான் காசோலை வெளியே வந்தது.

"தோத்துட்டா என்ன ஆகும்?" என்று சாமியப்பன் கேட்டார்.

இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று திலகவதி சொன்னார். பெரும்பாலும் தொகையைக் கட்டச் சொல்வார்கள் என்றும் சொன்னார். அந்தத் தொகைக்கு ஒன்றரை ஏக்கரைத்தான் விற்க வேண்டும் என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

திலகவதிக்கு இந்த வகை வழக்குகள் புதிதல்ல. 'வெற்றுக் காசோலைதான் கொடுத்தேன், அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்' என்ற ஒரே வாதத்தை நம்பி மூன்று வழக்குகளில் தோற்றிருக்கிறார். கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், அந்தக் காசோலை இருந்த கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தும் மையும் வேறு என்பதால் மட்டும் அது மாறிவிடாது. கடன் இல்லை என்று நம்பும்படி காட்ட வேண்டிய பாரம் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆனால் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. கடன் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்குச் சாட்சியும் ஆவணமும் இந்தப் பக்கத்திலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. எதிராளியின் வாயிலிருந்து வந்தாலும் செல்லும்.

நிறுவனத்தின் பிராதை அவர் இரண்டு முறை படித்தார். குஞ்சு ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம், தீவனம் நான்கு லட்சத்து எண்பதாயிரம், மருந்து இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. இவற்றை எதிரி, அதாவது வேலாத்தாள், கடனுக்கு வாங்கினார், பாக்கிக்காக ஜூலை 12ஆம் தேதி காசோலை கொடுத்தார் என்று இருந்தது. வளர்ப்புக் கூலி என்ற பேச்சே பிராதில் எந்த இடத்திலும் இல்லை.

கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். காலியான கொட்டகையில் தேங்காய்நார்க் கழிவு மட்டும் கிடந்தது. வேலாத்தாள் மோர் கொண்டுவரப் போயிருந்தபோது, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்த தகரப் பலகையைத் திலகவதி படித்தார். நீல எழுத்து. 'இப்பண்ணையில் உள்ள கோழிகளும் தீவனமும் பூஞ்சோலை ஹேட்சரீஸுக்குச் சொந்தமானவை. வெளியாருக்கு விற்பது, வாங்குவது சட்டப்படி குற்றம்.' கீழே நிறுவனத்தின் தொலைபேசி எண்.

இது எப்போது வைத்தது என்று கேட்டார்.

"அதுங்களா? முத பேட்ச் இறக்கறப்பவே அவுங்களே ஆணி கொண்டாந்து அடிச்சுட்டுப் போனாங்கோ. ராத்திரியில திருட்டுத்தனமா வியாபாரிக்கு நாலு கோழியப் புடிச்சுக் குடுக்கறவன் இருக்கறானுங்களே, அவனுகளுக்காக. எல்லாப் பண்ணையிலயும் இருக்குதுங்."

திலகவதி கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். மோரைக் குடித்துவிட்டு, செத்தது போக மிச்சக் கோழி என்ன ஆனது என்று கேட்டார். ஆயிரத்து எண்ணூற்று அறுபது கோழியை முப்பத்தொன்பதாம் நாள் நிறுவனமே லாரியில் ஏற்றிப் போனதாகவும், அதற்குக் கூலிகூடத் தரவில்லை என்றும் வேலாத்தாள் சொன்னார்.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. குறுக்கு விசாரணைக்கு அனுமதி வாங்கிய பிறகு ஏழு வாய்தா போயிற்று. இடையில் நிறுவனத்திலிருந்து சமாதானப் பேச்சு வந்தது: மூன்றரை லட்சம் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுகிறோம். சாமியப்பன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். பாதியோடு போகிறதே, என் ட்ராக்டரை அடகு வைத்தாவது தருகிறேன் என்றார். முடிவு உங்களுடையது, நான் ஜெயிக்கும் என்று எழுதித் தர முடியாது என்று திலகவதி வேலாத்தாளிடம் சொன்னார்.

"வாங்கியிருந்தா குடுத்துருவேன், அண்ணா. கோழி அவுங்களுது, சீக்கு வந்தது அவுங்க குஞ்சுக்கு. நான் பாடுபட்டதுக்கு நானே தண்டம் கட்டறதா?"

"மூணரையோட போச்சுன்னு நெனைச்சுக்க. நாளைக்கு உள்ள போட்டாங்கன்னா?"

"உள்ள போட்டா சோறு போடுவாங்கல்ல. நீ வந்து பாரு, பன்னு வாங்கிட்டு."

சாமியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாய்தாவுக்கு அவர் வரவில்லை.

2024 நவம்பரில் நிறுவனத்தின் மேலாளர் மாசிலாமணி கூண்டில் ஏறினார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. திலகவதி காசோலையைத் தொடவே இல்லை. நிறுவனம் எத்தனை பண்ணைகளோடு வேலை செய்கிறது என்று தொடங்கினார். நானூற்றுச் சொச்சம் என்றார் மேலாளர். அவ்வளவு பண்ணைகளில் திருட்டு விற்பனையை எப்படித் தடுக்கிறீர்கள் என்று, அதிசயப்படுபவர் மாதிரிக் கேட்டார். மாசிலாமணிக்கு அது பிடித்திருந்தது. சூப்பர்வைசர்கள் தினமும் போவது, தலை எண்ணுவது, பலகை வைப்பது என்று வரிசையாகச் சொன்னார். பலகைப் படத்தை, மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழோடு, திலகவதி நீட்டினார். எங்கள் நிறுவனம் வைத்ததுதான் என்றார். படம் எதிரி தரப்பு முதல் ஆவணமாகக் குறியிடப்பட்டது. நிறுவனத்தின் வக்கீல் அப்போதுதான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

மிச்ச ஆயிரத்து எண்ணூற்று அறுபது கோழியைப் பிடித்தது யார்? நிறுவனம். விற்றது? கோயம்புத்தூர் மொத்த வியாபாரிக்கு. பில் யார் பெயரில் போட்டது? நிறுவனத்தின் பெயரில். விற்ற பணத்தை எதிரியின் பாக்கியில் கழித்தீர்களா?

மாசிலாமணி இல்லை என்றார்.

"ஏங்க கழிக்கல?"

"எதுக்குங் கழிக்கணும்? கோழி கம்பெனிக் கோழிதானுங்களே. குஞ்சும் தீவனமும் எங்களுது. அவங்க வளத்துக் குடுக்கறவங்கதான்."

வழக்கை விசாரித்த நீதித்துறை நடுவர் தலையை நிமிர்த்தாமல் அதை அப்படியே பதிவு செய்தார். குறுக்கு விசாரணை முடிந்தது என்று சொல்லிவிட்டுத் திலகவதி உட்கார்ந்தார்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து மறுவிசாரணையில், எதிரியின் கவனக்குறைவால் கோழி செத்ததா என்று கேட்டார். ஆமாம், அதற்கு ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறது என்றார் மேலாளர். ஒப்பந்தம் எங்கே என்று நடுவர் கேட்டதற்கு, அலுவலகத்தில் இருக்கிறது என்றார். அது கடைசி வரை நீதிமன்றத்துக்கு வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வேலாத்தாளுக்கு ஆறவில்லை. கோழி உங்களுது என்றால் நான் எதை வாங்கினேன் என்று ஏன் கேட்கவில்லை என்று பிடித்துக்கொண்டார்.

"கேட்டா அவரு யோசிச்சு ஒரு பதில் சொல்லிருவாருக்கா. இப்ப அவரு சொன்னது அப்படியே கெடக்குது. அதை எடுத்து வெக்கற எடம் வாதம்."

"நானும் கூண்டுல ஏறிச் சொல்றனுங் அம்மிணி. எனக்கு எல்லாம் நாளு தேதியோட நாவகம் இருக்குது."

வேண்டாம் என்றார் திலகவதி. எதிரி சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏறினால் அவர்கள் நோட்டீசைப் பற்றித்தான் கேட்பார்கள் என்றார். நடுவர் சாட்சியங்களைக் குறித்து நேராகக் கேள்வி கேட்ட நாளில் மட்டும் வேலாத்தாள் வாயைத் திறந்தார். கையெழுத்து என்னுது, சேரும்போது வெறுமையாகக் கொடுத்தது, நான் எதுவும் வாங்கவில்லை என்று மூன்றே வாக்கியம். அதற்கு மேல் பேசாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

வாதத்தில் திலகவதி வெற்றுக் காசோலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. பிராது சொல்வது கடன் விற்பனை. விற்றிருந்தால் சொத்து கைமாறியிருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும். மேலாளரோ கடைசி வரை கோழியும் தீவனமும் தங்களுடையவை என்கிறார். கவனக்குறைவு என்பது வேறு வழக்கு. அது நஷ்ட ஈடு. எவ்வளவு என்று ஒரு சிவில் நீதிமன்றம் முடிவு செய்யும்வரை அது கடன் ஆகாது. நிறுவனத்தின் வக்கீல் நோட்டீசுக்குப் பதில் இல்லாததையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒன்றுதான் தன் தரப்பின் பலவீனம் என்று திலகவதிக்குத் தெரியும்.

2025 பிப்ரவரி 20 அன்று தீர்ப்பு வந்தது. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டதால் சட்ட அனுமானம் எழுகிறது என்று நடுவர் முதலில் எழுதியிருந்தார். நோட்டீசுக்குப் பதில் தராதது எதிரிக்குப் பாதகமான ஒரு சூழ்நிலைதான். ஆனால் மௌனம் இல்லாத கடனை உண்டாக்கிவிடாது. முறையீட்டாளரான நிறுவனத்தின் சொந்தச் சாட்சியமே கடன் விற்பனை நடக்கவில்லை என்று காட்டுவதால் அனுமானம் முறியடிக்கப்பட்டது. அதன்பின் கடனை நிரூபிக்க அவர்கள் எதையும் தாக்கல் செய்யவில்லை. சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

வேலாத்தாள் விடுதலை செய்யப்பட்டார். பிணைப் பத்திரம் ரத்தானது. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. அந்தப் பகுதியில் வேறு எந்த நிறுவனமும் அவருக்குக் குஞ்சு இறக்கவில்லை. கொட்டகையை ஏப்ரலில் ஒரு தென்னை மட்டை வியாபாரிக்கு மாதம் நான்காயிரம் ரூபாய் வாடகைக்கு விட்டார்.