செயின் பெட்டியின் மேல் ஒரு கை

மெக்கானிக் காலையில் பட்டறையைத் திறந்ததும் கைகூப்பிக் கண்மூடி நிற்பார். ஒரு வருடமாக அவர் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். தனக்குக் காது கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

முப்பது வருடமாக அவர் காதை வைத்துத்தான் பிழைத்தார். ஓடும் பவர் டில்லரின், அந்தக் கை உழவு இயந்திரத்தின், கியர் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு, "இடது பக்கப் பேரிங்" என்பார். பிரித்தால் அதுவாகத்தான் இருக்கும். அதனால் மற்றவர்களைப்போல தண்டைக் கையால் ஆட்டிப் பார்க்கும் பழக்கமே அவருக்கு வரவில்லை.

இப்போது எதிரே நின்று உரக்கப் பேசினால், உதட்டையும் பார்த்துப் புரிந்துகொள்வார். பின்னாலிருந்து கூப்பிட்டவர்கள், "தலைக்கனம்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். மாலை அரட்டைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள். வெளியூரில் இருக்கும் மகள் அழைத்தால், கைபேசி ஒளிர்ந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, 'வேலையா இருக்கேன்மா' என்று எழுதி அனுப்புவார். பட்டறையில் வேலை இருக்காது.

அன்று தோட்டக்காரம்மா டில்லரோடு வந்தாள். காய்கறி நிலத்தைத் தானே உழுபவள். பன்னிரண்டு நாளில் இது இரண்டாவது முறை. உழும் கத்திகளைச் சுழற்றும் செயின் பெட்டியின் அடியில் எண்ணெய் வழிந்து, புழுதியோடு சேர்ந்து, கத்திகளின் அடிவரை கறுப்பாக அப்பியிருந்தது.

"எண்ணெய் கசியாம இருக்க நீங்க போட்ட சீல் பன்னெண்டு நாள் தாங்கலண்ணே. எங்க மாமியார் கோவம்கூட இதவிட அதிக நாள் நிக்கும்!"

உதட்டைப் படித்து முடித்தபின், சற்றுத் தாமதமாகச் சிரித்தார். "கத்தி மாட்டின தண்டுல கம்பி, கயிறு ஏதாச்சும் சுத்தி, சீல அறுத்திருக்கும்மா." குனிந்து பார்த்தார். எதுவும் சுற்றியிருக்கவில்லை.

"சத்தமும் கூடிப்போச்சுண்ணே. கரகரன்னு அரைக்குது. நாளன்னைக்கு நாத்து வருது, நிலத்த ஓட்டியாகணும்."

கத்திகள் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டினார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். தெருவில் போன ஒருவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார். மெக்கானிக்குக் கேட்டதோ தூரத்து முனகல் ஒன்றுதான். எஞ்சினை அணைத்தார்.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. சீல மட்டும் மாத்தினா போதும்."

சொல்லிவிட்டுத் திரும்பி, சீல் இருந்த டப்பாவைத் துழாவினார். அவள் அவர் முதுகையே பார்த்தாள்.

"அண்ணே, உங்க சட்டை பத்திக்கிச்சு!"

அவர் நிதானமாகச் சீலின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்தது. வேறு பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவள் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்ணே. ஓட்டுறப்ப கைப்பிடி என் கையையே நடுங்க வைக்குது. பெட்டி மேல நீங்க கைய வச்சுப் பாருங்களேன்."

மறுக்க முடியவில்லை. எஞ்சினை மீண்டும் ஓட்டி, கத்திகளுக்கு எட்டாமல் பெட்டியின் மேல்பக்கம் உள்ளங்கையை வைத்தார். உள்ளே யாரோ சரளைக்கல்லை உருட்டுவதுபோல அதிர்ந்தது. அணைத்து, கத்திகள் நின்றதும் தண்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினார். ஆடவே கூடாத தண்டு விரலில் தட்டுகிற அளவுக்கு ஆடியது.

உடனே வேலையில் இறங்கினார். எண்ணெயை வடித்தார், அதில் இரும்புப் பொடி மினுங்கியது. செயின் பெட்டியைத் திறந்து பேரிங்கைக் கழற்றினார். குண்டுகள் குழிகுழியாகத் தேய்ந்திருந்தன. மறுபக்கப் பேரிங்கும் அப்படியே. இரண்டையும் மாற்றினார். தண்டை வழவழப்பாகத் தேய்த்து, சீலின் உதடுபோன்ற விளிம்பு எண்ணெய்ப் பக்கம் பார்க்கும்படி பதித்தார். பெட்டியைப் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் வைத்து மூடினார். அடைத்திருந்த காற்றுத் துளையைச் சுத்தம் செய்து, அளவு பார்த்து எண்ணெய் ஊற்றினார். அரை மணி நேரம் ஓட்டியபின், பெட்டியின் அடியைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தார். காகிதம் உலர்ந்திருந்தது.

"தண்டு ஆடினா சீல் என்னம்மா பண்ணும், பாவம். தேஞ்சுதான் போகும். போன தடவையே நான் ஆட்டிப் பாத்திருக்கணும். எனக்குக் காது..."

"தெரியும்ணே."

"எப்பலேருந்து?"

"உங்க சட்டை பத்திக்கிட்டதிலேருந்து."

அவர் திடுக்கிட்டுச் சட்டையைத் தட்டினார். பிறகு புரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தப் பட்டறை அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"கையால பாத்தா சரியாப் பாக்குறாருன்னு மட்டும் சொல்றேன்."

காலையில் அவர் வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. ஆண்டவன் தோட்டக்காரம்மாவைத்தான் அனுப்பியிருந்தான்.

மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. மகள். வழக்கம்போல அணையக் காத்திருந்தவர், அது அணைவதற்குள் எடுத்து, தோட்டக்காரம்மாவிடம் நீட்டினார்.

"எம் பொண்ணு. அப்பாவுக்குக் கேக்கலன்னு நீயே சொல்லிடும்மா."

அவள் சொன்னாள். மறுமுனையில் நீண்ட பேச்சு. அவள் சத்தத்தைக் கூட்டி, கைபேசியை அவரிடமே கொடுத்தாள்.

அவர் அதைக் காதில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது விட்டு விட்டு மெல்ல அதிர்ந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. பேசுகிறாள் என்பது தெரிந்தது.